பாக்கு மட்டைத் தட்டு: எத்தனை விற்றால் கை கடிக்காது?

ஒரு சின்ன பாக்கு மட்டைத் தட்டுப் பட்டறையை எடுத்துக்கொள்வோம். கணக்குக்காக நானே வைத்த எண்கள் இவை. உங்கள் பட்டறை எண்களைப் போட்டுப் பாருங்கள். ஒரு தட்டு 4.50 ரூபாய்க்குப் போகிறது.

முதலில் நிலையான செலவு. தட்டு ஓடினாலும் ஓடாவிட்டாலும் மாதம் பிறந்தால் வந்து நிற்பது: வாடகை 9,000, மாதச் சம்பள ஆள் 14,000, இயந்திரத் தேய்மானம் 3,000. மொத்தம் 26,000 ரூபாய். தேய்மானத்தைப் பலரும் விட்டுவிடுவார்கள். பணமாகக் கையை விட்டுப் போகாததால் அது கண்ணில் படுவதில்லை.

அடுத்து மாறும் செலவு, அதாவது தட்டுக்குத் தட்டு ஆவது. மட்டை 1.60, பீஸ் ரேட் கூலி 0.60, பேக்கிங் 0.20. ஆக 2.40.

சிக்கல் கரண்ட் பில்லில்தான். அச்சைச் சூடாக்கி அதே சூட்டில் வைத்திருக்கவே கரண்ட் போகும், நிலைக்கட்டணமும் உண்டு. தட்டு கூடக்கூட பில்லும் ஏறும். பாதி நிலையானது, பாதி மாறுவது. இதைப் பிரிக்க எளிய வழி, உற்பத்தி மிகக் குறைந்த மாதத்தையும் மிக அதிகமான மாதத்தையும் எடுப்பது.

8,000 தட்டு ஓடிய மாதம் பில் 9,200. 20,000 ஓடிய மாதம் 15,200. தட்டில் வித்தியாசம் 12,000, பில்லில் 6,000. அப்படியானால் தட்டுக்கு 50 காசு. 8,000 தட்டுக்கு 4,000 போக, மீதி 5,200 நிலையான பங்கு. பில் இரண்டு மாதத்துக்கு வந்தால் உற்பத்தியையும் அதே இரண்டு மாதத்துக்கு எடுங்கள். பிரித்த நிலையான பங்கையும் இரண்டால் வகுத்துக்கொள்ளுங்கள்.

சரி, இப்போது சேர்ப்போம். நிலையானது 31,200. மாறுவது 2.90. விலையில் அதைக் கழித்தால் தட்டுக்கு 1.60 மிஞ்சும்; நிலையான செலவை அடைக்க வருவது இதுதான்.

```
31,200 ÷ 1.60 = 19,500 தட்டு
```

இதுதான் லாபமும் நட்டமும் இல்லாத புள்ளி.

பிரிக்காமல், மந்தமான மாதத்தின் 9,200 பில்லை அப்படியே நிலையான செலவில் போட்டிருந்தால்? 35,200-ஐ 2.10-ஆல் வகுத்து ஏறக்குறைய 16,760 என்று வரும். அதை நம்பி 17,000 விற்றுவிட்டு, லாபம் என்று நினைத்திருப்பீர்கள். உண்மையில் அந்த மாதம் 4,000 ரூபாய் நட்டம்.

அப்புறம் கழிவு. நூற்றில் ஐந்து தட்டு விரிசல் விட்டுப் போனால், செலவு நூறுக்கும் ஆகும், காசு தொண்ணூற்றைந்துக்குத்தான் வரும். ஓட்டிய தட்டு ஒன்றுக்குச் சராசரி வரவு 4.275 ஆகிவிடும், மிஞ்சுவது 1.375. ஓட்ட வேண்டியது சுமார் 22,700 தட்டு. மட்டை சரியாக ஊறாத நாளில் விரிசல் கூடும் என்பதால், கழிவை நாள்வாரியாக எழுதி வையுங்கள்.

இந்தக் கணக்கு இப்போதிருக்கும் இயந்திரத்துக்கும் ஒரே ஷிஃப்ட்டுக்கும் மட்டும்தான். இன்னொரு மாதச் சம்பள ஆளைச் சேர்த்த அன்றைக்கே 31,200 மாறிவிடும், மறுபடி முதலிலிருந்து போட வேண்டும்.