ஷெட்யூலில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகள்

20 வேலை நாளில் முடிய வேண்டிய ஒரு சின்ன மென்பொருள் திட்டம். முதல் 5 நாள் டேட்டாபேஸ் அமைப்பு. 6 முதல் 12 வரை நிரல் எழுதுவது. அதே வாரங்களில் பழைய டேட்டாவை மாற்றுவது 6 முதல் 10 வரை, ரிப்போர்ட்டுகள் 8 முதல் 10 வரை. 13 முதல் 17 டெஸ்டிங், 2 நாள் திருத்தம், 20-ஆம் நாள் வெளியீடு. பட்டைகள் வரிசையாக இறங்கிவரும் அந்தச் சார்ட்டைப் பார்த்ததும் எல்லோரும் சரி என்று தலையாட்டிவிடுவார்கள்.

தேதிகளை மட்டும் படித்துவிட்டு ஒப்புக்கொள்வதுதான் முதல் தவறு. நான் ஒரு பிரதி எடுத்து, டேட்டாபேஸ் வேலையை 3 நாள் தள்ளிப் பார்ப்பேன். டெஸ்டிங் அசையாமல் 13-லேயே நின்றால், அந்தத் தேதியை யாரோ கையால் போட்டிருக்கிறார்கள். எது முடிந்தால் எது தொடங்கும் என்பது `Predecessors` பத்தியில் இல்லை.

அது இருந்தாலும் போதாது; வரியாகவே எழுதப்படாத வேலைகள் உண்டு. டெஸ்டிங் செய்பவரிடம் “எல்லாம் தயாரா?” என்று கேட்டால் “ஆமாம்” என்றுதான் வரும். “நாளை காலையில் தொடங்க உங்கள் கையில் என்னென்ன இருக்கணும்?” என்று கேளுங்கள். “பேமென்ட் நிறுவனத்தின் டெஸ்ட் கணக்கு வேணும், கேட்டால் 5 வேலை நாள் ஆகும்” என்பார். வெளியிலிருந்து வர வேண்டியது என்பதால் அது யார் பட்டியலிலும் ஏறவில்லை.

அப்புறம் பட்டியலை ஆட்களின் பெயர்படி அடுக்குங்கள். டேட்டா மாற்றம், ரிப்போர்ட் இரண்டுக்கும் ஒரே டேட்டாபேஸ் பொறியாளர்; 8, 9, 10 ஆகிய நாட்களில் அவர் இரண்டு இடத்திலும் முழு நாள் இருக்கிறார். 5 நாளும் 3 நாளும் சேர்ந்து 8 நாள் வேலை, ஆகவே 13-இல்தான் முடியும். டெஸ்டிங் 14-க்குப் போகிறது. அந்த டெஸ்ட் கணக்கையும் அன்றைக்குத்தான் கேட்டார்கள் என்றால் 19-இல் டெஸ்டிங், 26-இல் வெளியீடு. இத்தனைக்கும் யாரும் வேலையில் தாமதிக்கவில்லை. அந்தப் பொறியாளருக்கு வேறு திட்டத்திலும் வேலை உண்டா என்பதை இந்த ஷெட்யூல் காட்டாது. அவரிடமே கேட்க வேண்டும்.

பஃபர் விஷயத்தில் பலர் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு நாள் கூட்டிவிடுகிறார்கள். கூட்டிய நாள் அந்த வேலைக்குள்ளேயே கரைந்துபோகும். நிரலும் டேட்டா மாற்றமும் தனித்தனியே நேரத்துக்கு முடிய 70% வாய்ப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றையொன்று பாதிக்காத வேலைகள் என்றால் இரண்டும் நேரத்துக்கு முடியும் வாய்ப்பு 49% தான். இரண்டுக்கும் காத்திருக்கும் டெஸ்டிங் தாமதமாவதில் வியப்பில்லை. அதனால் வெளியீட்டுக்கு முன் 3 நாள் பஃபரைத் தனி வரியாகவே போடுங்கள். டெஸ்டிங் தொடங்கும் முன்பே அதில் 2 நாள் போய்விட்டால், வாடிக்கையாளரிடம் புதுத் தேதி பேச வேண்டிய நாள் அதுதான்.