மலை ரோட்டில் நடந்த கலோரியைக் கணக்குப் போடும்போது வரும் தவறுகள்

ஹட்டன் பக்கம் ஒரு தோட்டத்தில் இருக்கும் எங்கள் அக்கா தினமும் லயத்திலிருந்து மெயின் ரோட்டுக்கு 2 கிலோமீட்டர் ஏறுகிறார், அரை மணி நேரம் எடுக்கிறது, எடை 60 கிலோ. போனில் பார்த்தால் 87 கலோரி என்று காட்டுகிறது. "தம்பி, இவ்வளவு மூச்சு வாங்குது, 87தானா?" என்று கேட்டார். அவர் சந்தேகப்பட்டது சரிதான். போன் தப்பாகப் பெருக்கவில்லை, ரோடு சமதளமாக இருக்கிறது என்று எடுத்துக்கொண்டுவிட்டது.

கணக்கு இப்படித்தான் போகிறது:

```
கலோரி = மெட் × எடை (கிலோ) × நேரம் (மணி)
```

1 மெட் என்பது சும்மா உட்கார்ந்திருக்கும்போது உடம்பு செலவழிக்கும் அளவு, அதாவது ஒரு கிலோ எடைக்கு ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ 1 கலோரி. (நாம் பேச்சில் கலோரி என்று சொல்வது உண்மையில் கிலோகலோரி.) மணிக்கு 4 கிலோமீட்டர் வேகத்தில் சமதளத்தில் நடந்தால் சுமார் 2.9 மெட் வரும். 2.9 × 60 × 0.5 போட்டால் 87. நேரத்தை மணியில் போட வேண்டும், 30 நிமிடத்தை 30 என்றே போட்டால் விடை எங்கோ போய்விடும்.

இப்போது ஏற்றத்துக்கு வருவோம், மலையகத்தில் எல்லாரும் சறுக்குவது இந்த இடத்தில்தான். போன் வரைபடத்தில் லயத்தடி 1,250 மீட்டர், மேலே ரோடு 1,410 மீட்டர் என்று பார்த்தேன். 2,000 மீட்டர் தூரத்தில் 160 மீட்டர் ஏறினால் சரிவு 8 சதவீதம், அதாவது 0.08. அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரியின் நடைச் சூத்திரத்தில் இதைப் போடலாம், வேகம் நிமிடத்துக்கு எத்தனை மீட்டர் என்று இருக்க வேண்டும், நமக்கு அது 66.7:

```
3.5 + (0.1 × வேகம்) + (1.8 × வேகம் × சரிவு)
3.5 + 6.7 + 9.6 = 19.8
19.8 ÷ 3.5 = 5.66 மெட்
```

19.8 என்பது ஒரு கிலோ எடைக்கு ஒரு நிமிடத்தில் உடம்பு எடுக்கும் ஆக்சிஜன், மில்லிலீட்டரில். அதில் 3.5 சும்மா உட்கார்ந்திருந்தாலே போவது, அதாவது 1 மெட், அதனால்தான் கடைசியில் 3.5ஆல் வகுக்கிறோம். நடப்பதற்கு 6.7 போகிறது, ஏறுவதற்கு மட்டும் அதைவிட அதிகமாக 9.6 போகிறது. ஆகவே அக்காவின் அரை மணி ஏற்றம் 5.66 × 60 × 0.5, ஏறக்குறைய 170 கலோரி. போன் சொன்னதைப் போல இரண்டு மடங்கு.

அப்புறம், இறங்கும்போது அதே சூத்திரத்தில் சரிவை மைனஸ் 0.08 என்று போட்டுப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். 3.5 + 6.7 − 9.6 என்றால் 0.6தான் மிஞ்சும், உட்கார்ந்திருப்பதைவிடக் குறைவு! அப்படி நடக்க முடியாது. இறக்கத்தில் உடம்பு கீழே விழாமல் தசைகள் பிடித்து நிறுத்துகின்றன, அதற்கும் சக்தி வேண்டும். அந்தச் சூத்திரம் இறக்கத்துக்கு எழுதப்பட்டதே இல்லை. மிதமான இறக்கத்துக்குச் சமதளக் கணக்கைவிடக் கொஞ்சம் குறைத்து வைத்துக்கொள்ளுங்கள், அக்காவுக்கு நான் 70 என்று வைத்தேன். ஏற்றமும் இறக்கமும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு சமதளம் ஆகிவிடும் என்று நினைக்க வேண்டாம், போய்வந்த மொத்தம் 240, சமதளம் என்றால் 174தான்.

ஆனால் அந்த 240ஐப் பார்த்துவிட்டு அவ்வளவும் கூடுதலாகச் செலவானது என்று எடுத்துக்கொண்டு இன்னும் இரண்டு ரொட்டி சாப்பிட்டால் அங்கே இன்னொரு தவறு. அந்த ஒரு மணி நேரம் வீட்டில் உட்கார்ந்திருந்தாலும் 60 கலோரி போயிருக்கும், அது நாள் முழுவதற்குமான செலவில் ஏற்கெனவே சேர்ந்திருக்கிறது. மெட்டிலிருந்து 1 கழித்துக் கணக்குப் போட்டால்தான் நடையால் வந்த கூடுதல் தெரியும். அக்காவுக்கு அது 180.

ஓடுகிறவர்கள் ஒரு கிலோவுக்கு ஒரு கிலோமீட்டருக்கு 1 கலோரி என்ற எளிய கணக்கைச் சொல்வார்கள். சமதளத்தில் ஓடுவதற்கு அது நன்றாகவே பொருந்தும், வேகமாக ஓடினாலும் மெதுவாக ஓடினாலும் கிலோமீட்டருக்கு பெரிய வித்தியாசம் வராது. இதையே நடைக்கும் போடுவதுதான் பிழை. சாதாரண வேகத்தில் சமதளத்தில் நடந்தால் கூடுதல் செலவு அதில் பாதிதான். 60 கிலோ ஆள் 5 கிலோமீட்டர் ஓடினால் 300, நடந்தால் சுமார் 150.

முதுகில் சுமை இருந்தால் அந்த எடையையும் 60 கிலோவோடு கூட்டுங்கள், ஏற்றத்தில் அதையும் சேர்த்துத்தானே தூக்குகிறீர்கள். அது துல்லியமான விடை இல்லை, ஆனால் சுமையை விட்டுவிடுவதைவிட உண்மைக்கு நெருக்கமாக இருக்கும்.