போட்டோவில் வந்த திசைவேகம்–காலம் வரைபடம்: தொலைவும் முடுக்கமும் கண்டுபிடிப்பது எப்படி?

முதலில் இரண்டு அச்சுகளையும் படியுங்கள். செங்குத்து அச்சில் திசைவேகமா, தொலைவா? தொலைவு–காலம் வரைபடத்தில் படுத்திருக்கும் கோடு பொருள் நிற்பதைக் காட்டும். இங்கே அதே கோடு, பொருள் ஒரே வேகத்தில் ஓடிக்கொண்டிருப்பதைக் காட்டும். குழப்பம் பெரும்பாலும் இங்கேதான் தொடங்கும்.

அடுத்து அளவுத்திட்டம். நம் தாளில் கிடைமட்டமாக 1 செ.மீ = 1 வினாடி, செங்குத்தாக 1 செ.மீ = 2 மீ/வி என்று வைத்துக்கொள்வோம். போட்டோ சாய்வாக எடுத்திருந்தால் திரையில் ஸ்கேல் வைத்து அளக்காதீர்கள். ஓரத்துக்கு ஓரம் கட்டத்தின் அளவு மாறியிருக்கும். புள்ளியிலிருந்து கட்டக்கோட்டைப் பிடித்துக்கொண்டே அச்சுவரை போய் எண்ணைப் படியுங்கள். படத்தின் அடிப்பகுதி வெட்டுப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். சுழிக்குக் கீழே கோடு இறங்கியிருக்கலாம்.

கோடு திரும்பும் புள்ளிகளை மட்டும் குறித்துக்கொண்டால் போதும்:

- 0 வி: 0 மீ/வி
- 4 வி: 12 மீ/வி
- 10 வி: 12 மீ/வி
- 13 வி: −6 மீ/வி

சரி, முடுக்கம் என்பது கோட்டின் சாய்வு.

```
a = (v − u) / t
```

முதல் 4 வினாடியில் (12 − 0) / 4 = 3 மீ/வி². அடுத்த 6 வினாடியில் வேகம் மாறவில்லை, அதனால் 0. கடைசிப் பகுதியில் −6-ஐ 13-ஆல் வகுத்துவிடுவது வழக்கமான தவறு. வேண்டியது மாற்றம்: (−6 − 12) / (13 − 10) = −6 மீ/வி². அந்தக் கோடு 12-ஆவது வினாடியில் அச்சைக் கடக்கிறது. அங்கே பொருள் ஒரு கணம் நின்று, திரும்பி ஓடத் தொடங்குகிறது. ஆனாலும் சாய்வு மாறவில்லை, முடுக்கம் அதே −6 தான். குறைக்குறி இருந்தாலே வேகம் குறைகிறது என்று எழுதிவிட முடியாது. கடைசி வினாடியில் பின்னோக்கிய வேகம் கூடிக்கொண்டுதான் போகிறது.

தொலைவுக்கு, கோட்டுக்கும் கால அச்சுக்கும் இடைப்பட்ட பரப்பளவைத் துண்டு துண்டாகக் கணக்கிடுங்கள்:

```
0–4 வி   : ½ × 4 × 12 = 24 மீ
4–10 வி  : 6 × 12     = 72 மீ
10–12 வி : ½ × 2 × 12 = 12 மீ
12–13 வி : ½ × 1 × 6  = 3 மீ (அச்சுக்குக் கீழே)
```

கடந்த தொலைவு கேட்டால் நான்கையும் கூட்டுங்கள்: 111 மீ. இடப்பெயர்ச்சி கேட்டால் மேலே உள்ள மூன்றையும் கூட்டி வரும் 108-இலிருந்து கீழே உள்ள 3-ஐக் கழிக்க வேண்டும்: 105 மீ. வினாவில் எந்தச் சொல் இருக்கிறது என்று போட்டோவைப் பெரிதாக்கிப் பாருங்கள்.

விடையில் சந்தேகமா? இந்தத் தாளில் ஒரு பெரிய கட்டம் 1 வி × 2 மீ/வி, அதாவது 2 மீ. கோட்டுக்கும் அச்சுக்கும் நடுவில் மேலும் கீழுமாக உள்ள கட்டங்களை, அரைகுறைகளைச் சேர்த்து எண்ணுங்கள். ஏறக்குறைய 55 கட்டம் வந்தால் விடை சரி. உங்கள் விடை கட்ட எண்ணிக்கையின் இரு மடங்கைவிட மிகவும் கூடுதலாக இருந்தால் எங்கோ ½-ஐத் தவறவிட்டிருப்பீர்கள், அல்லது செங்குத்து அளவுத்திட்டத்தைத் தப்பாகப் படித்திருப்பீர்கள்.