வெற்றுப் பலகை உலை: விரவல் நீளத்திலிருந்து பாய வடிவம் வரை ஒரு கணக்கு

இந்தக் கணக்கை நான் முதன்முதலில் போட்டபோது வந்த படம் தலைகீழாக இருந்தது. உள்ளகத்தின் நடுவில் நியூட்ரான் பாயம் மிகக் குறைவு, இரண்டு ஓரங்களிலும் அதிகம். சுற்றிலும் வெற்றிடம். ஓரத்துக்கு வந்த நியூட்ரான் வெளியே போய்விடும், திரும்பி வராது. அப்படியிருக்க ஓரத்தில் எப்படிக் கூட்டம் சேரும்? இரண்டு நாள் தேடிய பிறகு தெரிந்தது, சமன்பாட்டில் ஒரே ஒரு குறி மாறியிருந்தது. அந்த இடத்தில் மட்டும் கொஞ்சம் நின்று நிதானமாகப் பார்ப்போம். மற்றவை வேகமாகப் போய்விடும்.

அமைப்பு இதுதான்: x திசையில் தடிமன் a உள்ள பலகை; மற்ற இரு திசைகளிலும் முடிவில்லாமல் நீள்கிறது. எதிரொளிப்பான் கிடையாது. எரிபொருளும் தணிப்பானும் ஒரே சீராகக் கலந்திருப்பதாகவும், எல்லா நியூட்ரான்களும் ஒரே ஆற்றல் குழுவில் இருப்பதாகவும் எடுத்துக்கொள்கிறோம். x = 0 என்பது பலகையின் நடு. தயவுசெய்து அதை ஓரத்தில் வைக்காதீர்கள். வைத்தால் கொசைன் சைனாக மாறும். விடை மாறாது என்றாலும் கை தடுமாறும்.

பயிற்சிக்காக நான் எடுத்த எண்கள் (எந்த உண்மையான உலையுடையவையும் அல்ல):

```
D   = 0.90 cm        விரவல் கெழு
Sa  = 0.0200 cm^-1   உட்கவர் குறுக்குவெட்டு
nSf = 0.0220 cm^-1   பிளவு குறுக்குவெட்டு × ஒரு பிளவில் பிறக்கும் நியூட்ரான்கள்
```

படி 1: விரவல் நீளம்

```
L² = D/Sa = 0.90/0.0200 = 45 cm²
L  = 6.71 cm
```

வர்க்கமூலம் எடுக்க மறந்தால் 45 செ.மீ. என்று வரும். அலகைப் பார்த்தாலே பிடித்துவிடலாம்: D/Sa-வின் அலகு செ.மீ.², நீளம் அல்ல.

இந்த 6.71 செ.மீ. எதைச் சொல்கிறது? நியூட்ரான் பிறந்து, மோதி மோதித் திசைமாறி, கடைசியில் எங்கோ உட்கவரப்படுகிறது. பிறந்த இடத்துக்கும் முடிந்த இடத்துக்கும் நேர்கோட்டில் அளந்த தூரத்தை வர்க்கப்படுத்திச் சராசரி எடுத்தால் 6L² வரும். நம் கலவையில் அது 270 செ.மீ.², அதன் வர்க்கமூலம் ஏறக்குறைய 16 செ.மீ. நியூட்ரான் நடந்த மொத்தப் பாதை இதைவிட மிக அதிகம். ஒப்பிட்டுப் பார்க்க: வெப்ப நியூட்ரான்களுக்குச் சாதாரண நீரில் L ஏறக்குறைய 2.85 செ.மீ., கிராஃபைட்டில் 59 செ.மீ. கிராஃபைட் உட்கவர்வது மிகக் குறைவு என்பதால்தான் அவ்வளவு தூரம்.

படி 2: என்னைக் கவிழ்த்த குறி

பலகைக்குள் ஒரு மெல்லிய துண்டை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து விரவி வெளியேறுவதும் உட்கவரப்படுவதும் சேர்ந்து, அங்கே பிளவில் பிறப்பதற்குச் சமமாக இருந்தால் பாயம் φ நிலையாக நிற்கும்:

```
-D φ'' + Sa φ = nSf φ
```

நான் செய்தது என்ன? அதற்கு முந்தைய வாரம் நீருக்குள் வைத்த நியூட்ரான் மூலத்தின் கணக்கைப் போட்டிருந்தேன். அங்கே பிளவு கிடையாது, வலப்பக்கம் பூச்சியம். அப்போது φ'' = φ/L². வளைவு கூட்டல் குறி. எனவே தீர்வு exp(-x/L), exp(x/L). அதே தீர்வை இங்கேயும் கொண்டுவந்து, நடுவைச் சுற்றிச் சமச்சீராக இருக்க வேண்டுமே என்று இரண்டையும் கூட்டினேன். கிடைத்தது cosh(x/L), நடுவில் பள்ளம். அதுதான் அந்தத் தலைகீழ்ப் படம். உண்மையில் அது தப்பான தீர்வே அல்ல: பிளவே இல்லாத ஒரு பலகையை இருபுறமிருந்தும் நியூட்ரான்களால் தாக்கினால் உள்ளே பாயம் அப்படித்தான் இருக்கும். வேறொரு கேள்விக்கான விடையை நான் இங்கே ஒட்டிவிட்டேன்.

உள்ளகத்தில் பிறப்பு உட்கவர்தலை மிஞ்ச வேண்டும். மிஞ்சும் பங்குதான் கசிவை ஈடுகட்டுகிறது. இடம் மாற்றி எழுதினால்:

```
φ'' = -B² φ
B²  = (nSf - Sa)/D = (k∞ - 1)/L²
```

இங்கே k∞ என்பது கசிவே இல்லாவிட்டால் உட்கவரப்படும் ஒவ்வொரு நியூட்ரானுக்கும் எத்தனை பிறக்கும் என்பது: k∞ = nSf/Sa = 1.10. கழித்தல் குறி வந்துவிட்டது. வளைவு கீழ்நோக்கி, தீர்வு cos(Bx). B²-ஐப் பக்ளிங் என்பார்கள். பாயம் எவ்வளவு வளைகிறது என்பதன் அளவு. நம் எண்களில் B² = 0.1/45 = 0.002222 செ.மீ.⁻², B = 0.04714 செ.மீ.⁻¹.

இனி சமன்பாடு எழுதியதும் ஒன்றை மட்டும் கேளுங்கள்: இந்த இடத்தில் பிறப்பு அதிகமா, உட்கவர்தல் அதிகமா? பிறப்பு அதிகம் என்றால் கொசைன். உட்கவர்தல் அதிகம் என்றால் அடுக்குக்குறி வளைவு.

படி 3: பூச்சியம் எங்கே விழுகிறது?

பலகையின் மேற்பரப்பிலேயே φ = 0 என்று போடத் தோன்றும். ஆனால் அங்கே நியூட்ரான்கள் வெளியே பாய்ந்துகொண்டிருக்கின்றன, பாயம் பூச்சியமாக இருக்க வழியில்லை. மேற்பரப்பில் இருக்கும் சரிவை நேர்கோடாக வெளியே நீட்டினால் அது எங்கே பூச்சியத்தைத் தொடுகிறதோ, அங்கே எல்லையை வைக்கிறோம். அந்த நீட்சித் தூரம் d = 2.13 D = 1.92 செ.மீ. (வெற்றிடத்தில் பாயம் அந்த இடத்தில் நிஜமாகவே பூச்சியமாகிறது என்று அர்த்தமில்லை. உள்ளே சரியான விடை வர வைக்கும் ஓர் ஏற்பாடு, அவ்வளவுதான்.)

இரண்டு பக்கமும் நீட்ட வேண்டும். கணக்கிடும் தடிமன் a + 2d. கொசைன் இரு முனைகளிலும் பூச்சியமாக, B(a + 2d) = π:

```
a + 2d = π/B = 66.64 cm
a      = 66.64 - 3.83 = 62.81 cm
```

பிறப்பும் இழப்பும் சரியாகச் சமமாகும் இதுதான் மாறுநிலைத் தடிமன். 3π, 5π என்று போட்டாலும் எல்லை நிபந்தனை ஒத்துப்போகும். ஆனால் நடுவில் சில இடங்களில் பாயம் எதிர்மறையாகிவிடும். நிலையாக நிற்பது π மட்டுமே.

இப்போது பாய வடிவத்தைப் பாருங்கள்: cos(πx/66.64). அதில் L எங்கும் இல்லை! வடிவத்தைத் தீர்மானிப்பது பலகையின் அளவு மட்டும். வேறு கலவையை எடுத்து அதற்கேற்ற மாறுநிலைத் தடிமனில் செய்தாலும் அதே கொசைன்தான் வரும், குறுகலாகவோ அகலமாகவோ. எவ்வளவு தடிமன் வேண்டும் என்பதில்தான் L வேலை செய்கிறது. k∞ மாறாமல் L இரட்டிப்பானால் π/B-யும் இரட்டிப்பாகும். எனக்கு இந்தக் கணக்கிலேயே பிடித்த இடம் இது.

3.83 செ.மீ. சின்ன விஷயம்தானே என்று விட்டுவிடலாமா? ஒருவர் 66.64 செ.மீ. தடிமனுக்கே பலகையைச் செய்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். கணக்கிடும் தடிமன் 70.47 ஆகிவிடும். B = π/70.47 என்று போட்டால் L²B² = 0.0894. கசிவையும் சேர்த்துப் பார்க்கும் பெருக்கம் k = k∞/(1 + L²B²) = 1.10/1.0894 = 1.0097. வினைத்திறன், அதாவது (k - 1)/k, ஏறக்குறைய 0.0096. யுரேனியம்-235-இல் பிளவுக்குச் சற்றுப் பிறகே வெளிவரும் தாமத நியூட்ரான்களின் பங்கு 0.0065 மட்டுமே. அதாவது தாமத நியூட்ரான்களுக்குக் காத்திராமல், உடனடி நியூட்ரான்களை மட்டுமே கொண்டு உலை பெருகத் தொடங்கிவிடும். இரண்டு பக்கமும் இரண்டு இரண்டு செ.மீ. மறந்ததன் விளைவு இது.

படி 4: வரவு செலவு பார்த்தல்

நடுவில் φ = 1 என்று வைத்துக்கொள்வோம். (உயரத்தை உலையின் திறன்தான் முடிவு செய்யும், சமன்பாடு சொல்லாது.) மேற்பரப்பில் φ = cos(0.04714 × 31.40) = 0.090, நடுவில் உள்ளதில் 9 சதவீதம். பலகை முழுவதும் சராசரி 0.673. அப்படியானால் நடுவில் பாயம் சராசரியைப் போல 1.49 மடங்கு.

பலகை முகப்பில் ஒரு சதுர செ.மீ.க்கு:

```
உட்கவர்தல் = 0.0200 × 0.673 × 62.81 = 0.845
பிறப்பு     = 0.0220 × 0.673 × 62.81 = 0.930
கசிவு       = 2 × D × B × sin(B a/2)  = 0.0845
```

உட்கவர்தலையும் கசிவையும் கூட்டினால் 0.930, பிறப்புக்குச் சமம். 110 பிறந்தால் 100 உள்ளேயே முடிகிறது, 10 வெளியேறுகிறது. இது ஒத்துப்போகவில்லை என்றால் மேலே எங்கோ பிழை இருக்கிறது. முதலில் 2d-யைத் தேடுங்கள்.

படி 5: கணினியில் சரிபார்த்தல்

விரிதாளில் செய்பவர்களும் உண்டு. நான் பைத்தானையே சொல்வேன்; விரிதாளில் எல்லைக் கட்டம் எது என்பது கண்ணில் படாமல் போய்விடுகிறது.

```python
import numpy as np
D, Sa, nSf = 0.90, 0.0200, 0.0220
w = np.pi/np.sqrt((nSf-Sa)/D)      # a + 2d
n = 200
h = w/(n+1)
c = D/h**2
A = (np.diag(np.full(n, 2*c+Sa))
     - np.diag(np.full(n-1, c), 1)
     - np.diag(np.full(n-1, c), -1))
phi, k = np.ones(n), 1.0
for _ in range(100):
    new = np.linalg.solve(A, nSf*phi/k)
    k *= new.sum()/phi.sum()
    phi = new
print(k)
```

தட்டையான பாயத்தில் தொடங்கினாலும் சில சுற்றுகளிலேயே அது கொசைனாக வளைந்துவிடும். k-யும் 1-க்கு வந்துவிடும். ஒவ்வொரு சுற்றிலும் phi-யை அச்சிட்டுப் பாருங்கள், அது வளைவதைப் பார்ப்பதே ஒரு நிறைவு.

*பின்னர் சேர்த்தது:* ஒரு வாசகர் n = 20 வைத்து ஓட்டி k = 1.0087 வருகிறது என்று எழுதியிருந்தார். புள்ளிகள் குறைவு என்பதால் என்று முதலில் நினைத்தேன். அது இல்லை. அவர் h = w/n என்று எழுதியிருந்தார். பாயம் பூச்சியமாகும் இரு முனைகளும் இந்த 20 புள்ளிகளில் சேராது. எனவே 20 புள்ளிகளுக்கு நடுவிலும் ஓரத்திலுமாக 21 இடைவெளிகள். w/n போட்டால் பலகை தெரியாமலேயே இருபதில் ஒரு பங்கு தடித்துவிடுகிறது. (n+1) ஆக்கியதும் 20 புள்ளிகளிலேயே 1.0002 வந்துவிட்டது.

*இன்னொரு கேள்வி:* நீர் தணிப்பானாக உள்ள உலைக்கு இதே L-ஐப் போடலாமா? கூடாது. ஒரே குழு என்று நாம் எடுத்துக்கொண்டதால், நியூட்ரான் வேகமாகப் பிறந்து மெதுவாகும் வரை போகும் தூரம் கணக்கில் சேரவில்லை. நீரில் வெப்ப நியூட்ரான்களின் L² ஏறக்குறைய 8 செ.மீ.², மெதுவாகும் கட்டத்துக்குரிய வயது τ 27 செ.மீ.². கசிவின் பெரும்பங்கு அந்தக் கட்டத்திலேயே நடந்துவிடுகிறது. அப்போது L² இருக்கும் இடத்தில் M² = L² + τ = 35 போட வேண்டும். k∞ மாறாமல் இருந்தால் π/B இரண்டு மடங்குக்குச் சற்று மேல் போகும். எரிபொருள் கலந்ததும் L² இன்னும் சுருங்கும், τ அவ்வளவாக மாறாது. அதனால் L-ஐ மட்டும் நம்பிப் போட்ட தடிமன் தேவையில் பாதிக்கும் கீழே நிற்கும்.