சரக்கு இருப்பு மைனஸில் நிற்பது ஏன்? காரணமான பதிவைக் கண்டுபிடிக்கும் செய்முறை

அலமாரியில் பல்புகள் கண்ணெதிரே இருக்கும்போது, கணினியின் இருப்புப் பட்டியல் அதே பல்புக்கு -22 என்று காட்டினால், புதிதாகக் கணக்கெழுதுபவர் மென்பொருளில்தான் கோளாறு என்று எண்ணுவது இயல்பு. பெரும்பாலும் அது கோளாறு அன்று. மென்பொருள் அலமாரியைப் பார்ப்பதில்லை. நாம் எழுதிய வரவையும் செலவையும் தேதி, நேர வரிசைப்படி கூட்டிக் கழித்து வந்த விடையையே இருப்பு என்று காட்டுகிறது. வராத சரக்கை யாராலும் விற்க முடியாது. ஆகவே கணக்கில் மைனஸ் வந்தால், வந்த சரக்கு ஏதோ ஒன்று எழுதப்படாமல் இருக்கிறது, அல்லது குறைவாக எழுதப்பட்டிருக்கிறது, அல்லது தாமதமாக எழுதப்பட்டிருக்கிறது, அல்லது வேறு சரக்கின் விற்பனை இந்தச் சரக்கின் தலையில் விழுந்திருக்கிறது என்றே பெரும்பாலும் பொருள். இவற்றுள் எது நடந்தது என்பதை ஊகிக்க வேண்டியதில்லை. பதிவுகளின் வரிசையிலேயே அது தெரியும்.

ஒரு மின்சாதனக் கடையை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். அதற்குக் கடை ஒன்றும் குடோன் ஒன்றும் உண்டு. 9 வாட் எல்இடி பல்பின் இருப்பு, ஜூன் 12 அன்று கடையில் -22 என்றும் குடோனில் 400 என்றும் தெரிகிறது.

முதல் படி: எந்தச் சரக்கு, எந்த இடம் என்று பிரித்துப் பாருங்கள்

டேலி ப்ரைமில் Exception Reports என்னும் பகுதியில் Negative Stock என்ற அறிக்கை உண்டு. வேறு மென்பொருள்களிலும் இதற்கு இணையான பட்டியல் இருக்கும். அங்கிருந்து தொடங்கலாம். ஆனால் கடையையும் குடோனையும் சேர்த்த மொத்தத்தை மட்டும் பார்த்து நின்றுவிடக் கூடாது. நம் எடுத்துக்காட்டில் மொத்தம் 378. அதைப் பார்த்தவர்களுக்குக் குறை எதுவும் தென்பட்டிருக்காது.

இந்த இடத்தில் குடோனில் ஒருமுறை எண்ணிப் பார்ப்பது மிகவும் உதவும். கடையில் குறையும் அளவுக்குக் குடோனில் கணக்கு மிகுந்து நின்றால், குடோனிலிருந்து கடைக்கு வந்த சரக்குக்கு மாற்றல் பதிவு போடவில்லை என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லிவிடலாம். நம் கடையில் குடோனை எண்ணியபோது சரியாக 400 இருந்தது. ஆகவே பிழை கடையின் பதிவுகளுக்குள்ளேயே இருக்கிறது.

இரண்டாம் படி: முழு நகர்வுப் பட்டியலை எடுங்கள்

அந்த ஒரு சரக்குக்கு, அந்த ஓர் இடத்துக்கு, கடைசியாகக் கையால் எண்ணிச் சரிபார்த்த நாளிலிருந்து இன்றுவரை உள்ள எல்லா வரவு செலவுப் பதிவுகளையும் எக்செல் தாளுக்கு எடுத்துக்கொள்ளுங்கள். சரிபார்த்த நாளிலிருந்து என்பது முக்கியம். இடையில் ஏதோ ஒரு தேதியில் தொடங்கினால், நம்பத் தகாத ஒரு தொடக்க இருப்பின் மேல் மொத்தக் கணக்கையும் கட்டுகிறோம்.

ஒவ்வொரு பதிவுக்கும் இரண்டு நேரங்கள் வேண்டும். சரக்கு நகர்ந்ததாகப் பதிவு சொல்லும் நேரம் ஒன்று. அந்தப் பதிவு உண்மையில் கணினியில் ஏற்றப்பட்ட நேரம் மற்றொன்று. பல மென்பொருள்களில் இரண்டாவதைத் தனியாகக் கேட்டு எடுக்க வேண்டியிருக்கும். A நிரலில் நகர்ந்த நேரம், B-யில் ஏற்றிய நேரம், C-யில் ஆவணம், D-யில் அளவு என்று வையுங்கள். வரவு கூட்டல் குறியிலும் செலவு கழித்தல் குறியிலும் இருக்க வேண்டும். A நிரலின்படி வரிசைப்படுத்திய பிறகு, E2-இல் கீழுள்ள சூத்திரத்தை எழுதிக் கடைசி வரிசை வரை இழுத்துவிடுங்கள்.

```
=SUM($D$2:D2)
```

நம் கடையின் பட்டியல் இப்படி அமைகிறது. இடம் கருதி ஏற்றிய நேரத்தை இங்கே விட்டிருக்கிறேன்.

| நகர்ந்த நேரம் | ஆவணம் | அளவு | இருப்பு |
|---|---|---|---|
| ஜூன் 1, 9:00 | எண்ணிய தொடக்க இருப்பு | +40 | 40 |
| ஜூன் 3, 11:00 | விற்பனை | -25 | 15 |
| ஜூன் 4, 10:20 | விற்பனை | -30 | -15 |
| ஜூன் 4, 18:05 | குடோனிலிருந்து மாற்றல் | +50 | 35 |
| ஜூன் 7, 12:00 | கொள்முதல் | +5 | 40 |
| ஜூன் 9, 16:30 | விற்பனை | -36 | 4 |
| ஜூன் 11, 13:15 | விற்பனை | -26 | -22 |

மூன்றாம் படி: பூஜ்யத்தைத் தாண்டிய ஒவ்வோர் இடத்தையும் குறியுங்கள்

இன்றைய -22 என்னும் எண்ணை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். இருப்பு முதன்முதலாக எப்போது பூஜ்யத்துக்குக் கீழே போனது, பிறகு மேலே வந்ததா, மறுபடி போனதா என்பதே கேள்வி. பட்டியல் நீளமாக இருந்தால் F3-இல் இதை எழுதிக் கீழே இழுங்கள்.

```
=IF(AND(E3<0,E2>=0),"X","")
```

இரண்டு இடங்களில் குறி விழுகிறது: ஜூன் 4 காலை, ஜூன் 11 மதியம். இவை இரண்டும் வேறு வேறு நோய்கள். ஒன்றாகக் கருதினால் இரண்டுமே பிடிபடாது.

ஜூன் 4-இன் சரிவு அன்று மாலையே தானாக நிமிர்ந்துவிட்டது. இப்படி அடுத்த வரவிலேயே நிமிரும் சரிவு, பெரும்பாலும் வரிசை மாறியதால் வருவது. குடோன் சலானை எடுத்துப் பார்த்தால், 50 பல்புகள் காலை 9:30-க்கே கடைக்கு வந்துவிட்டன. பதிவு மட்டும் மாலை கடையடைக்கும் முன் போடப்பட்டது. ஏற்றிய நேரமே நகர்ந்த நேரமாகவும் பதிந்துவிட்டது. நேரமே இல்லாமல் தேதியை மட்டும் வைத்திருக்கும் மென்பொருளிலும் இதே தோற்றம் வரலாம்; ஒரே நாளின் பதிவுகளுள் விற்பனையை முன்னும் வரவைப் பின்னும் அது அடுக்கினால், இல்லாத ஒரு மைனஸ் உண்டாகும். இதற்கு நேர்மாறான ஒன்றும் உண்டு: போன வாரத் தேதியிட்டு இன்று ஏற்றிய விற்பனை, ஏற்றும்போது இருப்பு போதுமானதாக இருந்தாலும், போன வாரத்தின் ஒரு நாளை மைனஸுக்குத் தள்ளிவிடும். A, B நிரல்களுக்கு இடையே நாள்கணக்கில் இடைவெளி உள்ள பதிவுகளை முதலில் பார்க்க வேண்டியது இதனால்தான்.

நான்காம் படி: நிமிராத சரிவுக்குப் பின்னோக்கிச் செல்லுங்கள்

தொடக்கநிலையில் உள்ளவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். ஜூன் 11-இல் மைனஸ் வந்ததால், அன்றைய 26 பல்பு விற்பனையைப் பிழை என்று கருதி அந்த பில்லையே திரும்பத் திரும்பச் சரிபார்ப்பார்கள். அந்த பில்லில் தவறே இல்லை. குறைந்துபோன இருப்பின் மேல் கடைசியாக வந்து விழுந்த பதிவு அது, அவ்வளவே. காரணம், கடைசியாக நம்பத்தகுந்த புள்ளிக்கும் பூஜ்யத்தைத் தாண்டிய புள்ளிக்கும் இடையே எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம்.

எனவே ஜூன் 11-இலிருந்து ஒவ்வொரு வரிசையாக மேலே சென்று, மூல ஆவணத்தோடு ஒப்பிடுங்கள். நான் வரவுகளை முதலில் பார்ப்பேன். எண்ணிக்கையில் அவை குறைவு, ஒவ்வொன்றின் அளவோ பெரிது. ஜூன் 7 கொள்முதலில் 5 என்று இருக்கிறது. சப்ளையர் பில்லைப் பிரித்தால், 5 பெட்டி, பெட்டிக்கு 20 பல்பு, மொத்தம் 8,000 ரூபாய். வந்தவை 100 பல்புகள். கணக்கில் ஏறியவை 5 மட்டுமே. பெட்டிக் கணக்கைப் பல்புக் கணக்காக எழுதிவிட்டார்கள்.

பில்லைத் தேடுவதற்கு முன்பே இதைக் காட்டிக்கொடுக்கும் அடையாளம் ஒன்று உண்டு: விலை. 8,000 ரூபாயை 5-ஆல் வகுத்ததால், 80 ரூபாய் பல்பு கணக்கில் 1,600 ரூபாய் ஆகிவிட்டது. கொள்முதல் வரிசைகளின் விலையைப் பக்கத்தில் வைத்தால், 20 மடங்கு விலகி நிற்கும் ஒன்று உடனே கண்ணில் படும். இதன் விளைவு எண்ணிக்கையோடு நிற்பதில்லை. சராசரி விலை முறையில், அதுவரை இருந்த 35 பல்புகளின் 2,800 ரூபாயோடு இந்த 8,000 சேர்ந்து, 40 பல்புக்கு 10,800 என்று ஆகி, ஒரு பல்பின் அடக்கவிலை 270 ரூபாயாக ஏறுகிறது. ஜூன் 9-இல் 36 பல்பை 110 ரூபாய் வீதம் 3,960 ரூபாய்க்கு விற்றது, இலாபமாக இருந்தும், 9,720 ரூபாய்ச் சரக்கை விற்ற பெருநட்டமாகக் கணக்கில் நிற்கிறது.

ஐந்தாம் படி: மூலப் பதிவைத் திருத்துங்கள்

+22 என்று ஒரு சரிக்கட்டும் பதிவு போட்டால் மைனஸ் மறைந்துவிடும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். கணக்கு பூஜ்யம் என்று சொல்ல, அலமாரியில் எழுபதுக்கு மேல் பல்புகள் இருக்கும். அவற்றில் எத்தனை காணாமல் போனாலும் கணக்குக்குத் தெரியாது. விலைப் பிழையும் அப்படியே தங்கிவிடும்.

ஜூன் 7 பதிவின் அளவை 100 ஆகவும் விலையை 80 ஆகவும் மாற்றுங்கள். மாற்றலின் நேரத்தை 9:30 ஆக்குங்கள். அந்த மாதத்தின் கணக்கு மூடப்பட்டிருந்தால் பழைய பதிவைத் தொடாமல், தவறான கொள்முதலை முழுதாகத் திருப்பிப் போட்டு, சரியான அளவில் இன்றைய தேதியில் மறுபடி எழுதலாம்; அப்போது பழைய நாள்களின் மைனஸ் அறிக்கையில் அப்படியே இருக்கும் என்பதை ஏற்க வேண்டியதுதான். திருத்தியபின் பட்டியலை மறுபடி எடுத்து, A நிரலின்படி வரிசைப்படுத்தி, E நிரலைப் பாருங்கள்: 40, 15, 65, 35, 135, 99, 73. எங்கும் பூஜ்யத்துக்குக் கீழே போகவில்லை. அடக்கவிலையை மென்பொருள் தானாக மறுகணக்கு செய்ததா என்பதையும், ஜூன் 9 விற்பனையின் அடக்கம் 2,880 ரூபாயாக மாறியதா என்று பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

பிறகு அலமாரியை எண்ணுங்கள். நம் கடையில் 71 இருந்தன. மீதி 2 உடைந்தவை; அவற்றுக்கு ஆவணமே இல்லை. இப்படிப்பட்டதை எந்தப் பட்டியலிலும் தேடிக் கண்டுபிடிக்க முடியாது, எண்ணினால்தான் தெரியும். -2 என்று, காரணத்தைக் குறித்து, ஒரு சேதப் பதிவு போடுவது இப்போது சரியானது.

மைனஸைத் தடைசெய்துவிடலாமா?

இருப்பு இல்லாவிட்டால் பில் போட விடாதபடி பல மென்பொருள்களில் அமைக்கலாம். வரவு உடனுக்குடன் ஏறும் கடைக்கு அது நல்லது. வரவு மாலையில் ஏறும் கடையில் அதைச் செய்தால், வாடிக்கையாளர் காத்து நிற்க, பில் போடுபவர் இருப்பு காட்டும் 7 வாட் பல்பின் பெயரில் 9 வாட்டை விற்றுவிடுவார். மைனஸ் வராது. இரண்டு சரக்குகளின் கணக்கும் தவறாகிவிடும், அதைக் காட்டிக்கொடுக்கும் அறிகுறியும் இருக்காது. ஆகவே சலான் வந்தவுடன் வரவு ஏறும் வழக்கத்தை முதலில் கொண்டுவந்து, ஜூன் 4-ஐப் போன்ற சரிவுகள் நின்ற பிறகே தடையைப் போடுங்கள்.