நூறாவது கேள்வி வரை எல்லாரும் கெட்டிக்காரர்கள்தான்

செல்போனை நோண்டுவது, பாடத்திட்டத்தையே பார்க்காமல் படிப்பது, நாளைக்கு ஆரம்பிக்கலாம் என்று தள்ளிப்போடுவது எல்லாம் தவறு என்று உங்களுக்கே தெரியும். அதையெல்லாம் விட்டுவிடுகிறேன். வேலைக்குப் போய்க்கொண்டே டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 எழுதுகிற பிள்ளைகள் திரும்பத் திரும்பச் செய்கிற ஒரு தவறு இருக்கிறது. எங்கள் செட்டில் பாதிப் பேர் அதில்தான் விழுந்தோம். இன்றைக்கும் ஒருவர் அதையே செய்வதைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வருகிறது.

துண்டு துண்டாகப் படித்துவிட்டு, மூன்று மணி நேரத் தேர்வுக்குப் போவது

திருநெல்வேலி வண்ணார்பேட்டைப் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் நிற்கிற தம்பி ஒருவன். ஊர் சேரன்மகாதேவி. காலை ஒன்பதரைக்குக் கடை, இரவு வீடு திரும்பப் பத்தரை. சாப்பிட்டுவிட்டுப் பதினொன்றிலிருந்து ஒரு மணி வரை படிப்பான். வார விடுமுறை புதன்கிழமை. நல்ல உழைப்பாளி, அதில் குறை சொல்ல முடியாது.

"அண்ணாச்சி, போன்ல முப்பது கேள்வி டெஸ்ட் போட்டா இருவத்தாறு, இருவத்தேழு வருது. ஹால்ல மட்டும் என்ன ஆவுதுன்னே தெரிய மாட்டேங்கு" என்றான்.

முழுத்தாள் எப்போதாவது ஒரே மூச்சில் எழுதிப் பார்த்தாயா என்று கேட்டேன். இல்லையாம். அதற்கு நேரம் ஏது என்றான்.

குரூப் 4 தாளில் 200 கேள்விகள், 300 மதிப்பெண், மூன்று மணி நேரம். தமிழில் 100, பொது அறிவில் 75, திறனறிவில் 25. ஒரு கேள்விக்கு 54 விநாடி விழும். ஓ.எம்.ஆர். தாளில் ஒரு வட்டத்தை நிரப்ப ஐந்து விநாடி என்று வைத்தாலே மொத்தம் 17 நிமிடம் போய்விடும். போனில் விரலால் தட்டிப் பழகியவனுக்கு இந்தக் கணக்கு தெரிவதே இல்லை. பத்து நிமிடம், அரை மணி நேரம் என்று படிக்கிறவனுடைய மூளையும் அந்த அளவுக்குத்தான் பழகியிருக்கும்.

சரி என்று ஒரு புதன்கிழமை காலை ஒன்பதரைக்கு அவனை எங்கள் வீட்டு முன்னறையில், சாய்மானம் இல்லாத மர பெஞ்சில் உட்கார வைத்தேன். பழைய வினாத்தாள், அச்செடுத்த ஓ.எம்.ஆர். தாள், கறுப்பு பால்பாயிண்ட் பேனா. போனை நான் வாங்கி வைத்துக்கொண்டேன். பதினொன்றே காலுக்கு டீ குடிக்க எழுந்தான். உட்காரு என்று சொல்லிவிட்டேன்.

திருத்தும்போது மொத்த மதிப்பெண்ணை மட்டும் பார்த்தால் எதுவும் புரியாது. ஐம்பது ஐம்பதாகப் பிரிக்க வேண்டும். அவனுக்கு முதல் ஐம்பதில் 7 தவறு, இரண்டாவதில் 8, மூன்றாவதில் 13, கடைசியில் 21. "கடைசியில கணக்குல்லா வருது, அது கஷ்டம்" என்றான். இருக்கலாம். அதைச் சோதிக்க வழி இருக்கிறது.

மறுநாள் காலை ஐந்தரைக்கு, விடையைப் பார்க்காமல், பின்பாதியில் தவறிய அந்த 34 கேள்விகளை மட்டும் மறுபடி எழுதச் சொன்னேன். குருட்டாம்போக்கில் சரியாகிவிடக் கூடாது என்பதற்காக ஒரு நிபந்தனை: இந்த விடை ஏன் என்று ஒரு வரி சொல்ல முடிந்தால்தான் கணக்கில் சேரும். அப்படியும் 12 சரியாக வந்தது. ஒன்றரை வீதம் 18 மதிப்பெண். தெரிந்த பாடத்திலேயே போன மதிப்பெண் அது. ஒவ்வொரு ஒன்றரை மதிப்பெண்ணிலும் கூட்டம் கூட்டமாக ஆட்கள் நிற்கிற தேர்வில் 18 என்பது எவ்வளவு பெரிய தூரம் என்று எழுதியவர்களுக்குத் தெரியும்.

அடுத்த புதன்கிழமை கணக்கை முதலில் போடச் சொல்லி, தமிழைக் கடைசிக்குத் தள்ளினேன். இப்போது தவறுகள் தமிழுக்கு இடம் மாறின. கடினம் கணக்கில் இல்லை, கடைசியாக எது வருகிறதோ அதில்தான் என்பது அதோடு தெளிவாகிவிட்டது. தவறின விதத்தைப் பார்க்க வேண்டுமே! 'பொருந்தாதது எது' என்ற கேள்விக்குப் பொருந்துவதைக் குறித்திருந்தான். 'தவறான கூற்று' என்று கேட்டதற்குச் சரியான கூற்றை எழுதியிருந்தான். 143-க்கான வட்டத்தை 144-இல் நிரப்பி, அதற்கப்புறம் நான்கு கேள்விகள் ஒரு வரிசை தள்ளியே போயிருந்தன. இந்த மூன்றையும் உங்கள் தாளில் பார்த்தால், புத்தகத்தை மறுபடி திறக்க வேண்டாம். உட்கார்ந்து பழகுவதுதான் பாக்கி.

பழக்கத்தைப் படிப்படியாகத்தான் ஏற்ற முடியும். தேர்வுக்கு இரண்டு மாதம் இருக்கும்போதே வார விடுமுறையின் காலையை இதற்கு ஒதுக்குங்கள். முதல் இரண்டு வாரம் 90 நிமிடத்தில் 100 கேள்வி, அடுத்த இரண்டு வாரம் 135 நிமிடத்தில் 150, அதற்குப் பிறகுதான் முழுத்தாள். எத்தனை மணிக்கும் எழுதலாம் என்று நினைக்காதீர்கள், ஒன்பதரைக்கே ஆரம்பியுங்கள். வட்டங்களைக் கடைசியில் மொத்தமாக நிரப்பும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். வினாத்தாளில் ஒரு பக்கம் முடிந்ததும் அந்தப் பக்கத்துக்கு உரியதை நிரப்பிவிட வேண்டும். விடை தெரியாததற்கு E வட்டத்தையும் அப்போதே.

மற்ற நாட்களில்? பன்னிரண்டு மணி நேரம் நின்றுவிட்டு வருகிற உடம்பு இரவு பதினொரு மணிக்குப் புதுப் பாடத்தை வாங்காது. அந்தத் தம்பியை இரவில் அரை மணி நேரம், ஏற்கெனவே படித்ததைப் புரட்டுவதோடு நிறுத்தச் சொன்னேன். காலை ஐந்தரை முதல் ஆறே முக்கால் வரை கணக்கும் புதுப் பாடமும். நேரமாகப் பார்த்தால் குறைந்துவிட்டதே என்று முகத்தைத் தூக்கினான். குறைந்ததுதான். ஆனால் இரவு ஒரு மணி வரை விழித்தே பழகியவனுக்குக் காலை ஒன்பதரை என்பது பாதித் தூக்கம். தேர்வுக்கு மூன்று வாரம் முன்பாவது தூங்கும் நேரத்தை மாற்றியாக வேண்டும், முந்தின நாள் மட்டும் சீக்கிரம் படுத்தால் தூக்கமே வராது.

கடையின் நாட்காட்டியைப் பார்க்காமல் திட்டம் போடுவது

குரூப் 4 தேர்வு 2022-இல் ஜூலை 24, 2024-இல் ஜூன் 9, 2025-இல் ஜூலை 12. ஜவுளிக்கடையில் ஆடித் தள்ளுபடிக்குச் சரக்கு இறங்குகிற நேரம் அதுதான். கடைசி மாதத்தில் நிறையப் படித்துக்கொள்ளலாம் என்ற திட்டம் அங்கே வேலை செய்பவருக்குச் செல்லாது. பாடத்தை ஏப்ரலுக்குள் முடித்துவிட்டு, பிறகு திருப்புதல் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். 2025-இல் தேர்வு வந்தது சனிக்கிழமை. முதலாளியிடம் லீவு கேட்பதை ஹால் டிக்கெட் வரும்வரை தள்ளாதீர்கள்.

ரயிலில் புதுப் பாடம்

செங்கோட்டை பாசஞ்சரில் நின்றுகொண்டு படித்த புது வரலாறு எதுவும் ஜங்ஷன் தாண்டாது. நேற்றுப் படித்ததைக் கண்ணை மூடி நினைவுபடுத்துங்கள், போதும்.

தமிழ்தானே என்று விடுவது

தமிழ்ப் பகுதியில் 150-க்கு 60 வராவிட்டால் மீதித் தாளைத் திருத்தவே மாட்டார்கள்.

வேலையை விட்டுவிட்டுப் படிப்பது

வேண்டாம்.

ஏற்கெனவே அரசுப் பணியில் இருப்பவர்கள்

விண்ணப்பிக்கும்போதே அலுவலகத்துக்கு எழுத்து மூலம் தெரிவித்துவிடுங்கள். சான்றிதழ் சரிபார்ப்பில் தடையின்மைச் சான்று கேட்பார்கள். அதை வாங்க மேஜை மேஜையாக அலைகிற வாரத்தை நீங்கள் கணக்கில் வைத்திருக்க மாட்டீர்கள்.