வீடியோ கால் காட்சியை அலைபேசியில் படமாக்க

கோத்தகிரியில் அவள், துபாயில் அவன். இந்தக் குறும்படத்தில் அழைப்பை நேரலையாகப் படமாக்காதீர்கள். மலையில் சிக்னல் விட்டுவிட்டு வரும்; நல்ல நடிப்பு பாதியில் உறைந்துபோகும்.

முதலில் அவன் பகுதியைச் செல்பி கேமராவில், நெடுவாக்கில், வெட்டாமல் பதிவுசெய்யுங்கள். அவள் வசனத்தை ஒருவர் கேமராவுக்குப் பின்னால் மெதுவாகப் படித்தால் இடைவெளி சரியாக விழும். அந்தக் குரலைப் பிறகு நீக்கிவிடலாம். கோத்தகிரியில் அதை அவள் அலைபேசியில் முழுத்திரையில் ஓடவிட்டு, தோளுக்குப் பின்னாலிருந்து எடுங்கள். அவன் முகத்துக்கு அவள் உண்மையாகவே பதில் சொல்வாள்.

அவன் முகம் வெள்ளைத் திட்டாகத் தெரிந்தால், திரையின் வெளிச்சத்தைக் குறைத்து, படமெடுக்கும் கேமராவில் அந்த முகத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்து ஒளி அளவைப் பூட்டுங்கள். திரையில் கோடுகள் ஓடினால் ஷட்டர் வேகத்தை 1/50-இல் தொடங்கி, அவை மறையும்வரை மாற்றிப் பாருங்கள். உண்மையான அழைப்பில் மூலையில் அவள் முகமும் சிறு கட்டத்தில் தெரியும். அந்த மூலையை அவள் கட்டைவிரல் மறைக்கட்டும். எனக்குப் பிடித்த வழி இதுதான்.

கடிகாரம் தெரிந்தால் கவனம்: இங்கே இரவு 9.30 என்றால் துபாயில் 8 மணி.

நாள்கள் நகர்வதை வசனத்தில் சொல்ல வேண்டாம். அவள் கொடுத்தனுப்பிய நீலகிரித் தைலப் புட்டி அவன் மேசையில் இருக்கட்டும். ஒவ்வோர் அழைப்பிலும் அளவு குறையட்டும். தைலத்துக்குப் பதில் தண்ணீர் போதும். கதை வரிசையிலேயே எடுத்தால் அளவு குழம்பாது.